பிடியாணை மட்டும் போதுமா? குற்றவாளி ஒப்படைப்பில் முகாந்திர விசாரணையின் வரலாறு

1952இல் சிங்கப்பூர் காவல் மாஜிஸ்திரேட் பிறப்பித்த பிடியாணை ஒன்று, இந்திய அரசு வழியாகச் சென்னை மாநில அரசின் கைக்கு வந்து சேர்ந்தது. சிங்கப்பூரில் வழக்கறிஞராக இருந்த சி.ஜி. மேனன், அவர் மனைவி ஆகிய இருவரும் நம்பிக்கை மோசடி தொடர்பான வழக்கில் தேடப்பட்டனர். இருவரும் கைது செய்யப்பட்டு எழும்பூரில் பிரசிடென்சி தலைமை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட்டார்கள். குற்றம் நடந்ததா இல்லையா என்பது அங்கே கேள்வியே அல்ல. சிங்கப்பூர் கேட்டது என்பதற்காக, சுதந்திர இந்தியாவின் நீதிமன்றம் அவர்களைக் கப்பலேற்றி அனுப்பலாமா என்பதே கேள்வி. இந்தியாவின் ஒப்படைப்புச் சட்டம் இன்றைய வடிவத்தைப் பெறுவதற்குத் தூண்டுதலாக இருந்த வழக்குகளில் இதற்கு முதலிடம் உண்டு என்பது என் கருத்து.

அரசு நம்பியிருந்த சட்டம், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1881இல் இயற்றிய தப்பியோடிய குற்றவாளிகள் சட்டம். பேரரசுக்குள் ஓர் ஆட்சிப்பகுதியில் குற்றம் செய்துவிட்டு மற்றொன்றுக்கு ஓடியவரைத் திருப்பி அனுப்புவதற்கான சட்டம் அது. அதற்குள் இரண்டு தனித்தனி வழிகள் இருந்தன. முதல் பகுதியின்படி, கைதானவர் குற்றம் செய்திருக்கக்கூடும் என்று வலுவாக எண்ண இடமளிக்கும் சான்றுகளை மாஜிஸ்திரேட் பார்க்க வேண்டும். நம் நீதிமன்ற வழக்கில் சொன்னால், வழக்குக்கு முகாந்திரம் இருக்க வேண்டும். அதன் பிறகும் பதினைந்து நாள் கழியாமல் அவரை அனுப்பக் கூடாது. அதற்குள் ஆட்கொணர்வு மனு போடலாம் என்பதையும் மாஜிஸ்திரேட்டே அவரிடம் சொல்லியாக வேண்டும்.

இரண்டாம் பகுதி அண்டை ஆட்சிப்பகுதிகளுக்கானது. லண்டன் ஆணையொன்றின் மூலம் சில பகுதிகளை ஒரே தொகுதியாக அறிவிக்கும். அந்தத் தொகுதிக்குள் ஓரிடத்துப் பிடியாணை மற்றோரிடத்தில் மேலொப்பம் பெற்றுச் செல்லுபடியாகும். பிடியாணை உண்மையானதா, அதைப் பிறப்பித்தவருக்கு அதிகாரம் உண்டா, நிற்பவர் அதில் பெயர் குறிப்பிடப்பட்டவர்தானா ஆகிய மூன்றை மட்டும் மாஜிஸ்திரேட் சரிபார்த்தால் போதும். சான்று கேட்கத் தேவையில்லை. 1918இல் வந்த ஆணை பிரிட்டிஷ் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் முதலியவற்றை ஒரே தொகுதியாக்கியிருந்தது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே தொழிலாளரும் வணிகரும் ஓயாமல் போய்வந்த காலம் அது. ஒரே பேரரசின் காவலரும் நீதிபதிகளும் ஒருவர் வேலையை மற்றவர் சந்தேகிக்க வேண்டியதில்லை என்ற நம்பிக்கையின் மேல் இந்த ஏற்பாடு நின்றது.

மேனன் தம்பதிக்கு எதிராக எடுக்கப்பட்டது இந்த இரண்டாவது வழி. அரசியலமைப்பு சம்பந்தப்பட்ட கேள்வி எழுந்ததால் மாஜிஸ்திரேட் வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். உயர் நீதிமன்றம் இரண்டு பகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. ஒரே குற்றத்துக்கு ஒருவரை முதல் பகுதியின்கீழ் அனுப்பினால் முகாந்திரம் வேண்டும். சிங்கப்பூருக்கு அனுப்பினால் வேண்டாம். இந்த வேறுபாட்டுக்கு ஏற்கத்தக்க காரணம் இல்லை, ஆகவே இது அரசியலமைப்பின் 14ஆம் உறுப்பு தரும் சமத்துவ உரிமைக்கு முரண் என்று அது தீர்ப்பளித்தது.

மாநில அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. 1954 மே மாதம் தலைமை நீதிபதி மெஹர் சந்த் மகாஜன் எழுதிய தீர்ப்பு மேல்முறையீட்டைத் தள்ளியது. ஆனால் அது சொன்ன காரணம் வேறு. இரண்டாம் பகுதி பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதிகளைத் தொகுப்பது. 1950 ஜனவரி 26க்குப் பிறகு இந்தியா எவருடைய ஆட்சிப்பகுதியும் அல்ல. தொகுதியே கலைந்துபோன பின் அதைக் கொண்டு ஒருவரைப் பிடித்தனுப்ப முடியாது. இப்படி, முகாந்திரம் இன்றி ஒப்படைப்பது சமத்துவத்துக்கு ஒத்ததா என்ற உயர் நீதிமன்றத்தின் கேள்வியைத் தொடாமலே வழக்கு முடிந்தது. இந்த விடுபடல்தான் பின்னால் வந்தவற்றைப் புரிந்துகொள்ள உதவுகிறது.

தீர்ப்பு உண்டாக்கிய வெற்றிடத்தை 1962ஆம் ஆண்டின் ஒப்படைப்புச் சட்டம் நிரப்பியது. இதன் இரண்டாம் அத்தியாயப்படி, வேண்டுகோள் முதலில் மத்திய அரசுக்கு வரும். அரசு ஒரு மாஜிஸ்திரேட்டை விசாரிக்கச் சொல்லும். அவர் இரு தரப்புச் சான்றுகளையும் கேட்டு, முகாந்திரம் இல்லையென்று கண்டால் கைதானவரை விடுவிக்க வேண்டும். இருக்கிறதென்று கண்டால் காவலில் வைத்து அரசுக்கு அறிக்கை அனுப்புவார். இறுதி முடிவு அரசுடையது. காவலில் வைத்த பின் இரண்டு மாதத்துக்குள் கொண்டுபோகாவிட்டால், தக்க காரணம் காட்டப்படாத நிலையில் உயர் நீதிமன்றம் அவரை விடுவிக்கலாம். அரசியல் தன்மையுள்ள குற்றத்துக்கு ஒப்படைப்பு இல்லை. எந்தக் குற்றத்துக்காகக் கேட்டார்களோ அதை விட்டு முன்பு செய்த வேறொன்றுக்கு விசாரிக்க மாட்டோம் என்று கேட்கும் நாட்டின் சட்டமோ உடன்பாடோ உறுதி தர வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை இல்லாவிட்டால், காசோலை மோசடி என்று கேட்டு வாங்கி, அரசை எதிர்த்துப் பேசியதற்குச் சிறையில் போட்டுவிடலாம்.

ஆனால் அதே சட்டத்தின் மூன்றாம் அத்தியாயத்தைப் படிப்பவருக்கு 1881 மீண்டும் கண்ணில் படும். ஒப்படைப்பு ஏற்பாடு செய்துகொண்ட காமன்வெல்த் நாடுகளுக்கென்று அதில் மேலொப்ப முறை வைக்கப்பட்டது. 17ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட் பார்க்க வேண்டியவை இரண்டு: பிடியாணை முறையாகச் சான்றளிக்கப்பட்டதா, குற்றம் ஒப்படைப்புக்குரியதா. முகாந்திரம் பற்றி அதில் பேச்சில்லை. 1993 திருத்தம் காமன்வெல்த் என்ற வேலியை எடுத்துவிட்டது. உடன்பாடு செய்துகொள்ளும் எந்த வெளிநாட்டுக்கும் அரசு விரும்பினால் இந்த அத்தியாயத்தைப் பொருத்தலாம் என்றானது. இதே திருத்தம் நல்ல பாதுகாப்பு ஒன்றையும் சேர்த்தது: ஒப்படைக்கும் நாட்டின் சட்டத்தில் அந்தக் குற்றத்துக்கு மரண தண்டனை இல்லையென்றால், ஒப்படைக்கப்பட்டு வருபவருக்கு இந்தியாவில் ஆயுள் தண்டனைக்கு மேல் கிடையாது என்பதுதான் அது. சட்டத்தின் சொற்களில் ஒரு நுணுக்கம் உண்டு: இங்கே அளவுகோல் ஒப்படைக்கும் நாட்டின் சட்டம்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இந்தியா கேட்கும் இடத்தில் நிற்கும்போது பிரிட்டன் நம்மிடம் முகாந்திரம் கேட்கிறது. 2003 சட்டத்தில் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் வேறு சிலவற்றுக்கும் பிரிட்டன் அந்த நிபந்தனையைத் தளர்த்தியது. அந்தச் சலுகை இந்தியாவுக்கு இல்லை. விஜய் மல்லையா வழக்கில் வெஸ்ட்மின்ஸ்டர் நீதிமன்றம் கடன் ஆவணங்களைத் தாள் தாளாகப் பார்த்தது. மும்பை ஆர்தர் ரோடு சிறையின் 12ஆம் எண் கொட்டடியை வீடியோவில் எடுத்துக் காட்டும்படியும் கேட்டது. மனித உரிமை நோக்கில் சிறை தகுந்ததா என்பதும் அங்கே விசாரணைக்குரியது. முகாந்திரம் இருக்கிறது என்று 2018 டிசம்பரில் தீர்ப்பானது. மேல்முறையீடு 2020 ஏப்ரலில் தள்ளுபடியானது.

இந்த விசாரணைகள் ஆண்டுக்கணக்கில் இழுப்பது உண்மை. பணமுள்ளவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்வதும் உண்மை. ஆயினும் ஒரு நாட்டின் கையொப்பத்தை மட்டும் நம்பி ஆளை அனுப்பும் முறை, இரு நாடுகளும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்த காலத்துக்காக வகுக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் எழுப்பிய சமத்துவக் கேள்வி மூன்றாம் அத்தியாயத்துக்கும் அப்படியே பொருந்தும். நாடாளுமன்றம் 17ஆம் பிரிவில் முகாந்திர விசாரணையைச் சேர்க்க வேண்டும்.