தலைகீழான வளைகோடு: 2006-இன் எச்சரிக்கையும் அதன் எல்லையும்

2005 பிப்ரவரியில் அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியமளித்த பெடரல் ரிசர்வ் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான், பத்திரச் சந்தையின் போக்கு ஒரு புதிராக இருப்பதாகக் கூறினார். 2004 ஜூனில் 1 சதவீதமாக இருந்த குறுகிய கால வட்டியை அவரது வங்கி எட்டே மாதங்களில் 2.5 சதவீதமாக உயர்த்தியிருந்தது. குறுகிய வட்டி ஏறினால் நீண்ட கால வட்டியும் ஓரளவு ஏறுவதே வழக்கம். ஆனால் 10 ஆண்டுக் கருவூலப் பத்திரத்தின் வருவாய் விகிதம் அதே காலத்தில் சுமார் 4.7-இலிருந்து 4.1 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது.

அரசுப் பத்திரங்களின் வருவாய் விகிதங்களை முதிர்வுக் கால வரிசையில் இணைத்து வரையும் கோட்டுக்கு வருவாய் வளைகோடு என்று பெயர். பணத்தை நீண்ட காலம் முடக்கி வைப்பவர் அதற்கு ஒரு கூடுதல் ஈடு கேட்பார். அதுவே டெர்ம் பிரீமியம். ஆகவே கோடு இயல்பாக மேல்நோக்கிச் செல்லும். குறுகிய கால வட்டி நீண்ட கால வட்டியைத் தாண்டும்போது கோடு தலைகீழாகிறது.

ஒரு சிறு கணக்கு இதன் உட்பொருளைக் காட்டும். ஓராண்டுப் பத்திரம் 5 சதவீதமும் ஈராண்டுப் பத்திரம் ஆண்டுக்கு 4.5 சதவீதமும் தருவதாகக் கொள்வோம். 100 டாலரை ஈராண்டுப் பத்திரத்தில் இட்டால் முடிவில் 109.20 டாலர் கிடைக்கும். ஓராண்டுப் பத்திரத்தில் இட்டால் முதலாண்டு முடிவில் 105 டாலர் கையில் இருக்கும், அது 109.20 ஆவதற்கு இரண்டாம் ஆண்டில் 4 சதவீத வட்டி போதும். அப்படியிருந்தும் ஒருவர் 4.5 சதவீதத்துக்கு ஈராண்டுப் பத்திரத்தை வாங்குகிறார் என்றால், அடுத்த ஆண்டு வட்டி 5-இலிருந்து 4-க்கோ அதற்கும் கீழோ இறங்கும் என்று அவர் எதிர்பார்க்கிறார் என்பதே பொருள். மத்திய வங்கி பொதுவாக வட்டியை வேகமாகக் குறைப்பது பொருளாதாரம் தளரும்போதுதான். தலைகீழ் வளைகோட்டைக் கண்டு பொருளியலாளர் கவலை கொள்வதற்கு முதற்காரணம் இதுவே.

இந்தத் தொடர்பு புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1986-இல் முனைவர் பட்டம் பெற்ற கேம்பல் ஹார்வியின் ஆய்வேடு, வட்டி விகிதங்களின் அமைப்பு பின்வரும் வளர்ச்சியை முன்கூட்டிக் காட்டுவதை நிறுவியது. 1996-இல் நியூயார்க் பெடரல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வில் ஆர்துரோ எஸ்ட்ரெல்லாவும் பிரெடெரிக் மிஷ்கினும் அதை நிகழ்தகவாக மாற்றினர். 10 ஆண்டு வட்டியிலிருந்து 3 மாத வட்டியைக் கழித்தால் வரும் இடைவெளியே அவர்களின் அளவுகோல். இடைவெளி ஏறத்தாழ சுழியாக இருக்கும்போது, நான்கு காலாண்டுகளுக்குப் பின் மந்தநிலை இருப்பதற்கான வாய்ப்பு 25 சதவீதம். சுழிக்குக் கீழே 0.5 புள்ளி இறங்கினால் 40 சதவீதம், 0.82 புள்ளி இறங்கினால் 50 சதவீதம். கோடு தலைகீழானதும் மந்தநிலை உறுதி என்று அவர்கள் சொல்லவில்லை.

2006 மார்ச்சில் கோடு ஏறத்தாழத் தட்டையாகியிருந்தது. அம்மாதம் நியூயார்க்கில் உரையாற்றிய புதிய தலைவர் பென் பெர்னான்கி, இதை வரவிருக்கும் சரிவின் அறிகுறியாகத் தாம் கொள்ளவில்லை என்றார். அவரது வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. உலகெங்கும் திரண்ட சேமிப்பும் வெளிநாட்டு மத்திய வங்கிகளின் கொள்முதலும் நீண்ட காலப் பத்திரங்களின் விலையை உயர்த்தின. விலை உயர்ந்தால் வருவாய் விகிதம் இறங்கும். அவ்வாறு டெர்ம் பிரீமியம் சுருங்கிய நிலையில், வட்டி குறையும் என்ற எதிர்பார்ப்பு சிறிதளவே இருந்தாலும் கோடு தட்டையாகிவிடும். பழைய அளவுகோல் புதிய காலத்துக்குப் பொருந்தாது என்பதே இவ்வாதத்தின் சாரம்.

2006 ஜூனில் குறுகிய வட்டி 5.25 சதவீதத்தை எட்டியது. ஆகஸ்ட் முதல் 10 ஆண்டு வட்டி 3 மாத வட்டிக்குக் கீழே சென்றது. 2007 தொடக்கத்தில் ஒன்று சுமார் 4.7, மற்றது சுமார் 5.1. இங்கேதான் கவலைக்கான இரண்டாம் காரணம் செயல்படத் தொடங்கியது. குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கி நீண்ட காலத்துக்குக் கடன் கொடுப்பதே வங்கியின் தொழில்; இரண்டுக்கும் இடையிலான வட்டி வேறுபாடே அதன் இலாபம். கோடு தலைகீழானால் அந்த இலாபம் சுருங்கும். வங்கி புதுக் கடனைக் குறைக்கும், அல்லது இலாபத்தைத் தக்கவைக்கக் கூடுதல் ஆபத்தை ஏற்கும். அன்றைய அமெரிக்காவில் வங்கிகளுக்கு வெளியே இயங்கிய நிதி அமைப்புகளும் சில வார, சில மாதக் கடன்பத்திரங்களை விற்று, அப்பணத்தில் நீண்ட கால வீட்டுக் கடன் பத்திரங்களை வாங்கிக் குவித்திருந்தன. 2007 ஆகஸ்ட்டில் அந்தக் குறுகிய காலக் கடன் சந்தை உறைந்தது.

காலவரிசையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2007 ஜூனுக்குள் கோடு மீண்டும் நிமிர்ந்துவிட்டது. பங்குச் சந்தை அக்டோபர் வரை ஏறியது. கோடு தலைகீழாகி ஏறத்தாழ பதினாறு மாதங்களுக்குப் பின், டிசம்பரில்தான் மந்தநிலை தொடங்கியது. அதை உரிய குழு அறிவித்ததோ 2008 டிசம்பரில். கோடு நிமிர்ந்ததைக் கண்டு ஆபத்து நீங்கியது என்று கொண்டவர்கள் தவறாகக் கணித்தனர். மத்திய வங்கி வட்டியைக் குறைக்கத் தொடங்கும்போது கோட்டின் குறுகிய முனை இறங்கிவிடும். ஆகவே மந்தநிலை பெரும்பாலும் கோடு நிமிர்ந்த பிறகே வந்து சேர்கிறது.

பெர்னான்கி சுட்டிய காரணங்கள் பொய்யல்ல. பெறப்பட்ட முடிவே பிழை. ஆயினும் இதிலிருந்து கோடு ஒருபோதும் தவறாது என்ற எதிர்முடிவுக்குத் தாவவும் இயலாது. 1966-இல் கோடு தலைகீழானபோது வளர்ச்சி தளர்ந்தது, மந்தநிலை வரவில்லை. 2022 இலையுதிர்காலம் முதல் 2024 இறுதி வரை கோடு தொடர்ந்து தலைகீழாக இருந்தது; எஸ்ட்ரெல்லா, மிஷ்கின் முறையில் கணித்த வாய்ப்பு 2023-இல் சுமார் 70 சதவீதத்தைத் தொட்டது. அப்போதும் மந்தநிலை அறிவிக்கப்படவில்லை.

இதற்கான விளக்கம் மேலே கண்ட கணக்கிலேயே இருக்கிறது. வளைகோடு சொல்வது வட்டி இறங்கும் என்பதை மட்டுமே. ஏன் இறங்கும் என்பதைச் சொல்வதில்லை. 2023-இல் சந்தை எதிர்பார்த்த வட்டிக் குறைப்பில் பெரும்பகுதி, உற்பத்தி வீழும் என்பதால் அன்று, உயர்ந்திருந்த பணவீக்கம் தணியும் என்பதால் எழுந்தது. குடும்பங்கள் பல ஏற்கெனவே குறைந்த, மாறாத வட்டியில் வீட்டுக் கடன் பெற்றிருந்தமையால் குறுகிய வட்டியின் உயர்வு அவர்களை உடனே தாக்கவும் இல்லை. 2006-இல் நிலை வேறு: வீட்டு விலை உச்சத்திலிருந்து சரியத் தொடங்கியிருந்தது, மாறும் வட்டியில் கடன் பெற்றோர் ஏராளம். தலைகீழ் வளைகோட்டைக் காணும் ஆய்வாளர் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: சந்தை எதிர்பார்க்கும் வட்டிக் குறைப்பு பணவீக்கம் தணிவதாலா, உற்பத்தி தளர்வதாலா? குறுகிய காலக் கடனை நம்பி நீண்ட காலச் சொத்தை வைத்திருப்பவர் யார்? 2006-இல் இவ்விரண்டாம் கேள்விக்கான விடை, தேடியிருந்தால், கண்ணுக்கு எட்டும் தொலைவிலேயே இருந்தது.