எலூசிஸின் மறைவிழா

ஏதென்ஸுக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எலூசிஸில், தானியத் தெய்வமான டிமீட்டருக்கும் அவள் மகள் பெர்செபொனிக்கும் ஆண்டுதோறும் மறைவிழா நிகழ்ந்தது. தீட்சை நாடியோர் கடலில் நீராடி, பன்றிக்குட்டியைப் பலியிட்டு, ஊர்வலமாகச் சென்று, இரவில் பெருமண்டபத்தினுள் புகுந்தனர். உள்ளே கண்டதை வெளியிடுவது பெருங்குற்றம். கி.மு. 415இல், அச்சடங்கைத் தனி வீட்டில் நடித்து இழிவுபடுத்தியதாகத் தளபதி அல்சிபியாடீஸ் மீது குற்றஞ்சாட்டி, அவர் இல்லாமலேயே மரண தண்டனை விதித்தனர், சொத்தையும் பறித்தனர்.

இத்தனை கண்டிப்பிருந்தும் மக்கள் திரண்டதேன்? கிரேக்க மொழி அறிந்து, கொலைப்பழி இல்லாதவராயின், பெண்களும் அடிமைகளுங்கூட அங்கே தீட்சை பெறலாம். நகரத்தார் நடத்திய பொது வழிபாடு பெரும்பாலும் விளைச்சலையும் வெற்றியையுமே வேண்டிற்று. எலூசிஸோ, பாதாளம் சென்று மீண்ட பெர்செபொனியின் பேரால், தனி மனிதருக்கு இறந்தபின்னும் நல்ல கதி உண்டென்று சொல்லிற்று. ரோமப் பேரரசர் அகஸ்டஸும் அத்தீட்சை பெற்றவரே.