அபுவின் குளியல்தொட்டிக் கருத்துப்படம்: டிசம்பரில் வைத்து ஒரு வாசிப்பு

நெருக்கடிநிலைக் காலத்து இந்தியக் கருத்துப்படங்களில் அதிகம் பேசப்பட்டது அபு ஆபிரகாம் வரைந்த ஒன்று. திருவனந்தபுரம் பல்கலைக் கல்லூரியில் படித்து, லண்டனில் ‘அப்சர்வர்’, ‘கார்டியன்’ ஏடுகளுக்கு வரைந்து, 1969இல் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ நாளிதழுக்கு வந்தவர் அவர். படத்தில் குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது குளியல்தொட்டியில் கிடக்கிறார். பாதி திறந்த கதவு வழியாக நீளும் ஒரு கையிடம், கையெழுத்திட்ட தாளையும் பேனாவையும் கொடுக்கிறார். இன்னும் அவசரச் சட்டங்கள் இருந்தால் காத்திருக்கச் சொல் என்கிறார்.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடிநிலைப் பிரகடனத்தில் அவர் கையெழுத்திட்டதைக் குறிப்பதாகவே இதைப் பலரும் விளக்குகிறார்கள். அந்த விளக்கம் போதாது. படம் வெளியானது டிசம்பர் 10 அன்று. அதற்கு இரண்டு நாள் முன்பு, டிசம்பர் 8 அன்று, மூன்று அவசரச் சட்டங்கள் பிறப்பிக்கப்பட்டிருந்தன. ஆட்சேபகரமான செய்திகளை வெளியிடுவதை ஒன்று தடுத்தது. இன்னொன்று பத்திரிகை மன்றத்தைக் கலைத்தது. நாடாளுமன்ற நடவடிக்கைகளை அச்சிடும் ஏடுகளுக்கு இருந்த பாதுகாப்பை மூன்றாவது பறித்தது. ஜூனில் வந்தது 352ஆம் பிரிவின்படியான பிரகடனம். அவசரச் சட்டமோ, நாடாளுமன்றம் கூடாதபோது 123ஆம் பிரிவின்படி பிறப்பிக்கப்படுவது. படம் பேசுவது அவசரச் சட்டங்களைப் பற்றி, அதுவும் பன்மையில். ஆகவே இது ஓர் இரவின் நினைவுப் படமல்ல, பத்திரிகையின் குரல்வளையை நெரித்த அந்த வாரத்துக்குப் பத்திரிகைக்காரர் ஒருவர் தந்த உடனடிப் பதில் என்பதே என் வாதம். அபு அப்போது மாநிலங்களவையின் நியமன உறுப்பினரும்கூட; சபையைக் கூட்டாமல் சட்டம் செய்வது அவரையே ஒதுக்கி வைப்பதாகும்.

படத்தின் கூர்மை அது காட்டாமல் விட்டதில் இருக்கிறது. கதவுக்கு அப்பால் நிற்பவரின் முகம் இல்லை. இந்திரா காந்தி படத்திலேயே இல்லை. தணிக்கையாளர் தேடுவது பெயரையும் முகத்தையும். காலையில் ஆங்கில நாளிதழ் படிக்கும் நகர்ப்புற வாசகருக்கோ அந்தக் கை யார் அனுப்பியது என்று சொல்லத் தேவையில்லை. அவரை நம்பியே அபு கதவைப் பாதியில் நிறுத்தினார். ஆங்கிலம் அறியாத பெருந்திரளுக்கு இப்படம் வரையப்படவில்லை. அதன் வீச்சைப் பற்றிப் பேசும்போது இந்த எல்லையை மறைக்கக் கூடாது.

இன்னொரு கேள்வி: இது ஒரு மனிதரின் பலவீனத்தைச் சாடுகிறதா, பதவியின் அமைப்பையா? அமைச்சரவையின் ஆலோசனைக்குக் குடியரசுத் தலைவர் கட்டுப்பட்டவர் என்று ஷம்ஷேர் சிங் வழக்கில் 1974இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அந்த நிலையில் மறுப்பதற்கு அவருக்கிருந்த இடம் மிகக் குறுகியது. ஆனால் அபு குற்றம் சாட்டுவது கையெழுத்தை அல்ல, படிக்காமல் போடும் அவசரத்தை. தாளை நிதானமாகப் பார்க்கவும், கேள்வி கேட்கவும் சட்டம் அவரைத் தடுக்கவில்லை. ஆலோசனையை மறுபரிசீலனைக்கு ஒருமுறை திருப்பியனுப்பலாம் என்ற வெளிப்படையான அதிகாரம், 1978இன் 44ஆம் திருத்தத்தில்தான் எழுத்தில் வந்தது.