வைரஸ் நிமோனியாவில் சைட்டோகைன் புயலும் ஸ்டீராய்டு கொடுக்கும் காலமும்: விருதுநகர் - சிவகாசி வட்டாரத்தை முன்வைத்து

சைட்டோகைன்கள் என்பவை நோயெதிர்ப்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் சிறு புரதங்கள். தொற்று வந்த இடத்துக்கு வெள்ளணுக்களை அழைப்பதும், காய்ச்சலைக் கிளப்புவதும், வேலை முடிந்ததும் எல்லாரையும் திருப்பி அனுப்புவதும் அவற்றின் பணி. அழைப்பு நிற்காமல் தொடர்ந்து, வந்த அணுக்களே மேலும் சைட்டோகைனைச் சுரந்து, அழற்சி தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் நிலைக்குச் சைட்டோகைன் புயல் என்று பெயர். எலும்பு மச்சை மாற்று சிகிச்சையின் பின்விளைவு ஒன்றை விளக்க 1993-இல் வழக்குக்கு வந்த இத்தொடர், 2020-இல் கொரோனாவோடு நாளிதழ்களுக்கும் வந்து சேர்ந்தது. கூடவே ஸ்டீராய்டும் வீட்டுக்கு வீடு தெரிந்த மருந்தானது. அம்மருந்தின் நன்மையும் தீமையும் நோயின் பெயரைப் பொறுத்தவை அல்ல, நோய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கொரோனா வைரஸ் நுரையீரலின் காற்று நுண்ணறைகளை அடையும்போது முதலில் எழ வேண்டியது இன்டர்ஃபெரான். அது அக்கம்பக்கத்து அணுக்களை எச்சரித்து, வைரஸ் பெருகாதபடி கதவை அடைக்கச் செய்கிறது. இந்த வைரஸ் அந்த எச்சரிக்கையைத் தாமதப்படுத்தும் திறன் கொண்டது. கடும் நோயாளிகளுள் பத்தில் ஒருவர் அளவில், இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருள்கள் முன்னதாகவே உடலில் இருந்ததை 2020-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு காட்டியது. எச்சரிக்கை பிந்தினால் முதல் ஐந்தாறு நாள்களில் வைரஸ் தடையின்றிப் பெருகும். சிதைந்த அணுக்களின் துண்டுகளையும் வைரஸையும் மேக்ரோபேஜ்கள் விழுங்கி, இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 முதலியவற்றைச் சுரக்கும். அவை அழைத்துவரும் டி அணுக்கள் காமா இன்டர்ஃபெரானைச் சுரந்து, அதே மேக்ரோபேஜ்களை மேலும் தூண்டிவிடும். சுற்று இங்கே மூடிக்கொள்கிறது.

ஏழாம் நாளையொட்டி நோய் திடீரெனத் திரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏறத்தாழ அப்போதுதான் வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. கடும் நோயாளிகள் சிலரிடம் முதலில் உருவாகும் எதிர்ப்பொருள்களின் சர்க்கரைக் கிளையில் ஃபியூகோஸ் என்ற கூறு குறைந்திருக்கிறது. அத்தகையவை மேக்ரோபேஜின் ஏற்பியை மிக இறுக்கமாகப் பற்றி, அதை அளவுக்கு மீறிக் கிளறுகின்றன. வைரஸின் எண்ணிக்கை இறங்கத் தொடங்கும் நேரத்தில் மூச்சுத்திணறல் ஏறுவது இதனாலும்தான். இரத்த நுண்குழாய்ச் சுவர் கசிந்து நுண்ணறைகளில் நீர் தேங்கும். குழாய்க்குள்ளே சிறு உறைகட்டிகள் அடைக்கும்.

இவ்வளவும் பெரும்பாலும் நுரையீரலுக்குள் நடப்பது. இரத்தத்தில் புயலைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். 2020-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கடும் கொரோனா நோயாளிகளின் இரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 ஒரு மில்லிலிட்டருக்குச் சராசரியாகச் சுமார் 37 பிக்கோகிராம் மட்டுமே. கொரோனா அல்லாத காரணங்களால் நுரையீரல் செயலிழந்தவர்களிடம் அது சுமார் 460. புற்றுநோய்க்கான நோயெதிர்ப்பு அணு சிகிச்சையின் பின் எழும் சைட்டோகைன் வெளியேற்றத்தில் 3,000-க்கும் மேல். ஆய்வகங்கள் அந்நாளில் ஆர்வத்தோடு விற்ற இன்டர்லூக்கின்-6 பரிசோதனை ஒன்றை மட்டும் வைத்து ஸ்டீராய்டு முடிவை எடுப்பதற்கு அடிப்படை இல்லை. நுரையீரலில் அழற்சி எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை ஆக்சிஜன் தேவையே நம்பகமாகச் சொல்கிறது.

ஸ்டீராய்டு அணுவுக்குள் புகுந்து, தன் ஏற்பியோடு இணைந்து உட்கருவை அடைகிறது. அங்கே அழற்சி மரபணுக்களை இயக்கும் என்.எஃப்.கப்பா-பி போன்ற புரதங்களை அடக்கி, ஒரே நேரத்தில் பல சைட்டோகைன்களின் உற்பத்தியைக் குறைக்கிறது. இந்தப் பரந்த வீச்சே அதன் பலம், அதுவே அதன் குறையும். முதல் வாரத்தில் தேவைப்படும் இன்டர்ஃபெரானையும் நிணவணுக்களையும் அது பிரித்தறிந்து விட்டுவைப்பதில்லை.

பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வு 2020 ஜூன் மாதம் இதை எண்களில் காட்டியது. டெக்சாமெத்தசோன் நாளொன்றுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள் என 2,104 பேருக்குக் கொடுக்கப்பட்டது. 4,321 பேர் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றனர். செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தோர் 41.4 விழுக்காட்டிலிருந்து 29.3 ஆகக் குறைந்தனர். ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களிடம் 26.2 என்பது 23.3 ஆனது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிடம் போக்கு தலைகீழ்: மருந்து பெறாதவர்களில் 14 விழுக்காடு, பெற்றவர்களில் 17.8. கடைசி வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதியானது அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் நன்மை இல்லை என்பது தெளிவு. அறிகுறி தொடங்கி ஏழு நாள் கடந்தவர்களிடமே பயன் மிகுந்தது என்பதும் மேலே கண்ட காலக்கணக்கோடு பொருந்துகிறது.

அளவைப் பற்றிய பாடம் பிந்தி வந்தது. 2020 ஜூன் இறுதியில் இந்திய நலவாழ்வு அமைச்சகத்தின் வழிகாட்டுதல், கடும் நோய்க்கு மெத்தில்பிரெட்னிசோலோன் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரை அனுமதித்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 60 முதல் 120 மில்லிகிராம். டெக்சாமெத்தசோன் கணக்கில் ஏறத்தாழ 11 முதல் 22. இந்த உயர் எல்லையை ஒத்த 20 மில்லிகிராம் அளவை ‘ரெகவரி’ குழு பின்னர் தனியே சோதித்தது. ஆக்சிஜன் குறைந்திருந்தும் அதைப் பெறாதவர்களும் சாதாரண ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களும் அடங்கிய பிரிவில், வழக்கமான அளவில் 12 விழுக்காடாக இருந்த இறப்பு, கூடுதல் அளவில் 19 ஆனது. இம்முடிவு அச்சானது 2023-இல். இரண்டாம் அலை அதற்கு ஈராண்டு முன்பே கடந்துவிட்டிருந்தது.

இதே கணக்கைச் சிவகாசி வட்டாரத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் வேலை பார்க்கும் 52 வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். எடை 60 கிலோ. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மாத்திரை மட்டும் எடுக்கிறார். ஐ.சி.எம்.ஆரின் 2023 ஆய்வுப்படி தமிழ்நாட்டில் நூறு பேரில் பதினான்கு பேருக்குமேல் இந்நோய் இருப்பதால் இது அரிதான தேர்வு அல்ல. முதல் நாள் வறட்டு இருமல் வருகிறது. கந்தகமும் அலுமினியப் பொடியும் புழங்கும் அறையில் இருமலை யாரும் நோயாக எண்ணுவதில்லை. கூலி செய்த வேலைக்கு ஏற்ப என்பதால் மூன்று நாள் வேலைக்குப் போகிறார். நாள் கணக்கு இங்கேயே தவறுகிறது: மருத்துவரிடம் காய்ச்சல் வந்த நான்காம் நாளைத்தான் முதல் நாள் என்பார்.

அன்று ஆக்சிஜன் அளவு 97. ஆறு நிமிடம் நடக்கவிட்டுப் பார்த்தாலும் 96. இங்கே ஸ்டீராய்டு கொடுத்தால் இரவுக்குள் காய்ச்சல் இறங்கும், பசி எடுக்கும், மறுநாள் ஆள் தெம்பாக எழுவார். மருந்து கேட்கிறது என்ற இந்தத் தோற்றமே அதைக் கடைவரை பரப்பியது. உள்ளே வைரஸ் பெருகுவது நிற்கவில்லை. சர்க்கரை 180-இலிருந்து 350-க்கு ஏறியிருக்கும். காய்ச்சல் என்ற அடையாளம் மறைந்ததால் அவர் நுரையீரலைக் கவனிப்பதும் நின்றிருக்கும். சரியான வழி, மருந்தைத் தவிர்த்து ஆக்சிஜன் அளவை நாளுக்கு மூன்று நான்கு முறை பார்ப்பது. பட்டாசுத் தொழிலாளர் விரலில் அலுமினியப் பூச்சு ஒட்டியிருந்தால் கருவி பிழையாகக் காட்டலாம், நகத்தைக் கழுவிய பின்பே பொருத்த வேண்டும். கறுத்த தோலில் அது உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால், 94-ஐ நிம்மதியான எண்ணாகக் கொள்வதும் சரியல்ல.

காய்ச்சலின் எட்டாம் நாள் அளவு 91, மூச்சு நிமிடத்துக்கு 26, சி.ஆர்.பி. 110 என்றால் கட்டம் மாறிவிட்டது. இப்போது ஆக்சிஜனும், 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோனும், உறைவுத் தடுப்புக்கு ஹெப்பாரினும், சர்க்கரையைக் கட்டுப்படுத்த இன்சுலினும் சேர்ந்தே தொடங்க வேண்டும். இரண்டொரு நாளில் ஆக்சிஜன் தேவை இன்னும் ஏறினால், இன்டர்லூக்கின்-6 ஏற்பியை அடைக்கும் டோசிலிசுமாப் பற்றி எண்ணலாம். சி.ஆர்.பி. 75-க்கு மேலும் ஆக்சிஜன் குறைவும் உள்ளவர்களில் அது இறப்பை 35-இலிருந்து 31 விழுக்காடாக்கியது. ஆனால் ஸ்டீராய்டும் உடன் பெற்றவர்களிடமே அந்தப் பயன் தெரிந்தது. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் இத்தகைய நோயாளிகளுக்கு மருத்துவக் கல்லூரி அளவிலான சிகிச்சை என்றால் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைதான். எனவே 91 என்ற எண்ணைக் கண்ட வேளைக்கும் படுக்கைக்கும் இடைப்பட்ட மணிகளும் கணக்கில் சேர்ந்தன.

ஸ்டீராய்டு கெடுதல் செய்யத் தொடங்குவதை அறிவது எளிதன்று. சி.ஆர்.பி. மருந்தாலேயே இறங்கும், வெள்ளணு எண்ணிக்கை மருந்தாலேயே ஏறும். இவ்விரண்டையும் நம்பிப் புதிய பாக்டீரியா தொற்றைக் கண்டுபிடிக்க முடியாது. தேறிவந்தவருக்கு மறுபடி ஆக்சிஜன் தேவை கூடுவதும், சளியின் நிறம் மாறுவதும் கூடுதல் பொருளுடையவை. ஒரு பக்கக் கன்னத்தில் வலி, மேல் பல் ஆட்டம், மூக்கில் கறுத்த பொருக்கு, கண் வீக்கம் ஆகியவை மியூக்கர் பூஞ்சையின் அறிகுறிகள். உயர்ந்த சர்க்கரை, வெள்ளணுவின் தளர்ச்சி, நீண்ட நாள் ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்து அதற்கு இடம் கொடுத்தன. தமிழ்நாடு அரசு 2021 மே மாதத்தில் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. குடலில் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு உள்ளவர்களுக்கு இம்மருந்து அப்புழுவை உடலெங்கும் பரவச் செய்யும் என்பதும் வெப்பநாட்டு மருத்துவர் மறக்கக் கூடாத ஒன்று.

கொரோனாவில் கற்றதை இன்ஃபுளுயன்சாவுக்கு அப்படியே மாற்ற முடியாது. அங்கே வைரஸ் பெருக்கமும் நுரையீரல் பாதிப்பும் நெருங்கி வருகின்றன. ஸ்டீராய்டு வேலை செய்ய ஏற்ற இடைவெளி குறுகியது. பின்னாலேயே நிமோகாக்கஸும் ஸ்டாஃபிலோகாக்கஸும் வரும். எச்1என்1 நோயாளிகளைப் பற்றிய கவனிப்பு ஆய்வுகளில் ஸ்டீராய்டு பெற்றவர்களிடம் இறப்பு கூடுதலாகவே இருந்தது. மிக மோசமானவர்களுக்கே அம்மருந்து கொடுக்கப்பட்டிருக்கும் என்பதால் அந்த எண்ணை முழுதாக நம்ப இயலாது. எனினும் பயனுக்குச் சான்றும் இல்லை. கடும் நிமோனியாவில் ஹைட்ரோகார்ட்டிசோன் இறப்பை 11.9-இலிருந்து 6.2 விழுக்காடாகக் குறைத்ததாகக் காட்டிய 2023-ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆய்வு, இன்ஃபுளுயன்சா நோயாளிகளைச் சேர்க்கவே இல்லை. ஆகவே மழைக்காலத்தில் மூச்சுத்திணறலோடு வருபவருக்கு ஸ்டீராய்டைத் தொடங்குமுன் எந்த வைரஸ் என்று பார்ப்பதும், இன்ஃபுளுயன்சா என்று ஐயம் வந்தால் முடிவுக்குக் காத்திராமல் ஓசெல்டமிவிர் கொடுப்பதும் வரிசைப்படி முதலில் வர வேண்டியவை.