மனையின் அளவே சாலையின் விதி: விதிவழி நகர ஆக்கத்தில் சந்திப்பு, மனைத்தொகுதி, மனை

முன்னுரை

திரைப்படக் காட்சிக்கோ கணினி விளையாட்டுக்கோ பல கிலோமீட்டர் பரப்புள்ள நகரம் ஒன்று வேண்டுமென்றால், அதன் தெருக்களை ஒவ்வொன்றாகக் கையால் வரைந்து முடிப்பது இயலாது. சில விதிகளைக் கொடுத்து, அவற்றின்படி சாலைகளைக் கணினியே வளர்க்கும்படி செய்வதுதான் வழி. இத்துறைக்கு அடித்தளம் இட்டது 2001ஆம் ஆண்டு சிக்ராஃப் மாநாட்டில் யோவ் பாரிஷும் பாஸ்கல் முல்லரும் அளித்த கட்டுரை. 'சிட்டி எஞ்சின்' என்று அவர்கள் பெயரிட்ட அமைப்பில் முதலில் சாலைகள் வளரும். சாலைகளால் சூழப்பட்ட நிலம் மனைத்தொகுதிகளாகும். தொகுதிகள் மனைகளாகப் பிரியும். மனைகளின்மேல் கட்டடங்கள் எழும். பின்வந்த பெரும்பாலான அமைப்புகளும் இதே வரிசையைத்தான் பின்பற்றுகின்றன.

இந்த வரிசையில் தகவல் ஒரே திசையில் பாய்கிறது. சாலையை வளர்க்கும் பகுதிக்கு மனை என்ற ஒன்று வரப்போவதே தெரியாது. கூரிய துண்டு நிலங்கள், வழியற்ற மனைகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய சந்திப்புகள் ஆகிய குறைகள் கடைசிக் கட்டத்தில்தான் கண்ணில் படுகின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சாலை வளரும்போதே பிறந்துவிட்டவை. ஆகவே, சாலைக்கான எல்லை அளவுகளை மனையின் அளவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுப் பெற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சாலை வளரும் முறை

பாரிஷும் முல்லரும் தாவர வளர்ச்சியை விளக்க அரிஸ்டிட் லிண்டன்மயர் 1968இல் வகுத்த எல்-சிஸ்டத்தை விரிவாக்கிப் பயன்படுத்தினர். எனினும் அதே விளைவைப் பெற முன்னுரிமை வரிசை ஒன்றே போதும் என்று நிரலாளர் ஷான் பாரெட் பின்னர் சுட்டிக்காட்டினார். இன்று பலரும் எழுதுவது அந்த எளிய வடிவத்தைத்தான். வரிசையிலிருந்து ஒரு சாலைத் துண்டு முன்மொழிவாக எடுக்கப்படுகிறது. சுற்றியுள்ள சாலைகளோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்து, திருத்தியோ திருத்தாமலோ அது ஏற்கப்படுகிறது, அல்லது தள்ளப்படுகிறது. ஏற்கப்பட்டால் அதன் முனையிலிருந்து நேராகவும் பக்கவாட்டிலும் புதிய முன்மொழிவுகள் வரிசையில் சேர்கின்றன. எந்தத் திசையில் செல்வது என்பதை மக்கள்தொகை அடர்த்தி வரைபடம், கட்டம்போன்ற அமைப்பா ஆரம்போன்ற அமைப்பா என்ற தேர்வு போன்றவை முடிவு செய்கின்றன.

திருத்தங்கள் மூன்று. புதிய துண்டு பழைய சாலையை வெட்டினால், வெட்டும் இடத்தில் ஒரு சந்திப்பு உண்டாகி, பழைய சாலை அங்கே இரண்டாகப் பிரியும். புதிய துண்டின் முனைக்கு அருகே ஏற்கெனவே ஒரு சந்திப்பு இருந்தால், முனை அங்கே இழுக்கப்படும். முனை ஒரு சாலையைத் தொடாமல் சற்று முன்னரே நின்றால், அது நீட்டப்பட்டு முச்சந்தியாகும். இந்த மூன்றும் இல்லையென்றால் சாலைகள் மரக்கிளைகளைப்போல் பிரிந்துகொண்டே போகும். தொகுதி ஒன்றுகூட மூடாது.

இணைச்சாலைகளின் இடைவெளி

இத்திருத்தங்கள் அனைத்தும் புள்ளிகளையே பார்க்கின்றன: வெட்டும் புள்ளி, முனைப்புள்ளி. மனைக்கு வேண்டியதோ இரு சாலைகளுக்கு நடுவே கிடைக்கும் ஆழம். பக்கத்துச் சாலையை வெட்டாமலும் அதன் சந்திப்பு எதையும் நெருங்காமலும் 20 மீட்டர் தள்ளி இணையாக ஓடும் ஒரு துண்டு மூன்று சோதனைகளிலும் தேறிவிடும். சாலைகளின் அகலம் 12 மீட்டர் என்றால், இரு பக்கமும் 6 மீட்டர் போக, நடுவே மிஞ்சுவது 8 மீட்டர் நிலம். அதில் எந்த மனையும் அமையாது.

தேவையான இடைவெளியைக் கணக்கிடுவது எளிது. முதுகோடு முதுகாக இரு வரிசை மனைகள் அமைய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 18 மீட்டர் ஆழம் வேண்டும் என்று கொள்வோம். மையக்கோடுகளின் குறைந்தபட்ச இடைவெளி 12 + 2 × 18 = 48 மீட்டர். இந்த 48ஐயே முனையை இழுக்கும் தூரமாகவும் வைத்துவிடலாம் என்று தோன்றும். அது சரிவராது. 80 மீட்டர் நீளமுள்ள துண்டின் முனையைப் பக்கவாட்டில் 20 மீட்டர் இழுத்தால் சாலை சுமார் 14 பாகை திரும்பும். 48 மீட்டர் இழுத்தால் 31 பாகை திரும்பும். நேர்த்தெருக்கள் கோணலாகிவிடும். எனவே இரண்டையும் பிரித்துவைக்க வேண்டும். முனையை இழுக்கும் தூரம் 15 அல்லது 20 மீட்டராகவே இருக்கட்டும். அதோடு நான்காவது சோதனை ஒன்று சேரட்டும்: ஏறக்குறைய ஒரே திசையில் செல்லும் சாலை பக்கவாட்டில் 48 மீட்டருக்குள் இருந்து, இரண்டும் நீளவாக்கில் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால், முன்மொழிவு தள்ளப்பட வேண்டும். ஒரே சாலையின் அடுத்தடுத்த துண்டுகள் நீளவாக்கில் ஒன்றன்மேல் ஒன்று படிவதில்லை என்பதால் அவை இதில் சிக்குவதில்லை.

மெய்யான நகரங்களும் இந்தக் கணக்கை அறிந்தவையே. 1811ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி அமைந்த மன்ஹாட்டனில் குறுக்குத் தெருக்களுக்கு நடுவே தொகுதியின் ஆழம் சுமார் 200 அடி. 100 அடி ஆழமுள்ள இரு மனைகள் முதுகோடு முதுகாக அதில் சரியாகப் பொருந்துகின்றன. 2008இல் குவோனிங் சென்னும் அவருடைய குழுவினரும் முன்வைத்த டென்சர் புல முறையிலும் இடைவெளி தொடக்கத்திலேயே உள்ளீடாகிறது. அங்கே தெருக்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைக்குடும்பங்களின் வழியே வரையப்படுகின்றன. அடுத்த கோடு எவ்வளவு தள்ளி வரவேண்டும் என்பதைப் பயனர் சொல்கிறார். அம்முறையில் தொகுதிகள் சீராக அமைவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

சந்திப்பின் கோணம்

அடுத்த குறை கூரிய கோணத்தில் பிறக்கிறது. 12 மீட்டர் அகலமுள்ள இரு சாலைகள் ஒரு சந்திப்பில் கூடும்போது, அவற்றின் ஓரக்கோடுகள் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி வெட்டிக்கொள்கின்றன என்பது கோணத்தைப் பொறுத்தது. சாலை அகலம் w, கோணம் θ எனில், மையக்கோட்டின் வழியே அந்தத் தூரம் `(w/2) / tan(θ/2)`. செங்கோணத்தில் இது 6 மீட்டர். 30 பாகையில் 22.4 மீட்டர், 15 பாகையில் 45.6 மீட்டர். அதாவது 15 பாகையில் சந்திப்பின் தார்ப்பரப்பே 45 மீட்டருக்கு மேல் நீண்டுவிடுகிறது. 80 மீட்டர் நீளமுள்ள சாலையின் இரு முனைகளிலும் இப்படிப்பட்ட கோணம் அமைந்தால் இரு சந்திப்புகளும் சேர்ந்து 91 மீட்டரை எடுத்துக்கொள்ளும். சாலைக்கு மிஞ்சும் நீளம் சுழிக்கும் கீழே போய்விடும். திரையில் இது தார்ப்பரப்புகள் ஒன்றையொன்று ஊடுருவி மினுங்குவதாகத் தெரியும்.

இதை வளர்ச்சியின்போதே தடுக்கலாம். 30 பாகைக்குக் குறைவான கோணத்தில் சேரும் முன்மொழிவை ஏற்கக்கூடாது. சாலையின் நீளம் அதன் இரு முனைகளிலும் சந்திப்புகள் எடுத்துக்கொள்ளும் நீளங்களின் கூட்டுத்தொகையைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முனையை இழுத்த பின்னரே இச்சோதனையைச் செய்ய வேண்டும். இழுப்பதே கோணத்தை மாற்றிவிடுகிறது.

தொகுதிகளைக் கண்டெடுத்தல்

மனைத்தொகுதியை யாரும் வரைவதில்லை. சந்திப்புகளைக் கணுக்களாகவும் சாலைகளை விளிம்புகளாகவும் கொண்ட தள வரைபடத்தின் முகங்களே தொகுதிகள். ஒவ்வொரு கணுவிலும் அண்டைக் கணுக்களைக் கோண வரிசையில், இடஞ்சுழியாக அடுக்கிக்கொள்கிறோம். u-விலிருந்து v-க்கு வந்தால், v-இன் வரிசையில் u-க்கு முந்தைய கணுவை நோக்கித் திரும்புகிறோம்:

```
def next_half_edge(u, v):
    order = ccw[v]
    return v, order[order.index(u) - 1]
```

புறப்பட்ட இடத்துக்குத் திரும்பியதும் ஒரு முகம் முழுமையாகிறது. இடஞ்சுழியாக அமைந்து பரப்பளவு நேர்மறையாக வருபவை தொகுதிகள். எதிர்மறையாக வருவது நகரின் வெளிப்புறம். முட்டுச்சந்துகளை இதற்கு முன்பே தற்காலிகமாக நீக்கிவிட வேண்டும். இல்லையெனில் தொகுதியின் எல்லை அவற்றின்மேல் போய்த் திரும்பிவரும்.

இங்கே ஆய்லரின் வாய்பாடு நல்ல சோதனையாகிறது. கணு V, விளிம்பு E, எதிர்மறையாக வருபவை அனைத்தையும் ஒன்றாக எண்ணிய முகம் F, தனித்தனித் துண்டுகள் C எனில் `V - E + F = 1 + C` என்று வர வேண்டும். நான்கு மூலைகள் கொண்ட சதுரத்தில் இரு மூலைவிட்டச் சாலைகளும் போடப்பட்டு, அவை நடுவில் வெட்டுவதை நிரல் கவனிக்கத் தவறிவிட்டது என்று கொள்வோம். V = 4, E = 6, C = 1; வாய்பாட்டின்படி 4 முகங்கள் வேண்டும். மேற்சொன்ன விதியால் சுற்றிவந்தால் கிடைப்பவை இரண்டே: வெளிமுகம் ஒன்று, நான்கு பக்கங்களையும் தொட்டு, மூலைவிட்டங்களின்மேல் போயும் வந்தும் செல்லும் எட்டு அடி நீண்ட தவறான முகம் ஒன்று. நடுவில் சந்திப்பைச் சேர்த்தால் V = 5, E = 8 ஆகி, நான்கு முக்கோணங்களும் வெளிமுகமும் சேர்ந்து ஐந்து முகங்கள் சரியாக வந்துவிடும். எனினும் இச்சோதனைக்கும் எல்லை உண்டு. சந்திப்பில்லாமல் பிற சாலையைக் கடந்து நிற்கும் முட்டுச்சந்து எண்ணிக்கையை மாற்றாது. அதைக் கண்டுபிடிக்க விளிம்புகளை இரண்டிரண்டாக நேரடியாகச் சோதிப்பதே வழி.

மனைப் பிரிப்பு

முகத்தை ஒவ்வொரு பக்கமும் சாலையின் பாதி அகலம் உள்ளே தள்ளினால் தொகுதி கிடைக்கிறது. அதை மனைகளாக்கும் பரவலான முறை, தொகுதியைச் சூழும் மிகச்சிறிய சாய்செவ்வகத்தின் நீண்ட பக்கத்தை நடுவில் வெட்டி, பரப்பளவு போதுமான அளவுக்குக் குறையும்வரை திரும்பத் திரும்ப அப்படியே செய்வது. கார்லோஸ் வனேகாஸும் அவருடைய குழுவினரும் 2012இல் இதையும், தொகுதியின் நேரெலும்புக்கூட்டை அடிப்படையாகக் கொண்ட மற்றொரு முறையையும் விரிவாக ஆராய்ந்தனர்.

நான்கு புறமும் சாலையுள்ள, 60 × 120 மீட்டர் தொகுதியை எடுத்துக்கொள்வோம். வெட்டிக்கொண்டே போனால் 30 × 30 மீட்டர் சதுரங்கள் எட்டு கிடைக்கும். சதுரத்தில் நீண்ட பக்கம் எதுவுமில்லை. எனவே இரு பாதிகளுக்கும் நீண்ட பக்கத்துச் சாலை கிடைக்கும் திசையில் வெட்ட வேண்டும். 15 மீட்டர் முகப்பும் 30 மீட்டர் ஆழமும் கொண்ட 16 மனைகள் வரும். எல்லாவற்றுக்கும் சாலை உண்டு. இப்போது தொகுதி 100 × 120 மீட்டர் என்று கொள்வோம். அதே முறையில் 25 × 30 மீட்டர் மனைகள் 16 கிடைக்கும். அவை நான்குக்கு நான்கு கட்டங்களாக அமைவதால், நடுவிலுள்ள நான்கு மனைகளுக்கு வழியே இல்லை. அவற்றை அண்டை மனைகளோடு சேர்க்கலாம், திறந்தவெளியாக விடலாம். ஆனால் இரண்டுமே குறையை மறைப்பவைதாம். நேரெலும்புக்கூட்டு முறையில் எல்லா மனைகளும் சாலையைத் தொடும். ஆயினும் ஆழம் மிகையாகி மனைகள் நீண்ட கீற்றுகளாகும்.

குறையின் ஊற்று வெட்டும் முறையில் இல்லை. 100 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. 30 மீட்டர் ஆழமே பொருத்தம் என்றால், மையக்கோடுகளுக்கு இடையே 12 + 60 = 72 மீட்டரை வெகுவாகத் தாண்டும் இடங்களில் சாலை வளர்ப்பி நடுவே ஒரு தெருவை முன்மொழிந்திருக்க வேண்டும்.

முடிவுரை

சாலை வளர்ப்பிக்கு நாம் கொடுக்கும் எண்கள் மூன்று இடங்களிலிருந்து வர வேண்டும்: குறைந்தபட்ச இடைவெளி மனையின் ஆழத்திலிருந்து, குறைந்தபட்சக் கோணம் சந்திப்பு எடுத்துக்கொள்ளும் நீளத்திலிருந்து, அதிகபட்ச இடைவெளி வழியற்ற மனை வரக்கூடாது என்ற நிபந்தனையிலிருந்து. இதற்கு ஒரு விலை உண்டு. தள்ளப்படும் முன்மொழிவுகள் கூடும்; முட்டுச்சந்துகளும் கூடும். ஒழுங்கற்ற பழைய நகர்ப்பகுதிகளுக்கு இந்த எல்லைகளைத் தளர்த்தவும் வேண்டியிருக்கும். ஆனாலும், ஆயிரக்கணக்கான மனைகளைப் பின்னர் ஒவ்வொன்றாகத் திருத்துவதைவிட இதுவே மேல். மனையின் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகளை முதலில் எழுதிவைத்து, அதன் பிறகே சாலையின் முதல் விதியை எழுதுவதுதான் சரியான வரிசை.