கைக்குழந்தைகளில் கக்குவான் இருமல்

கக்குவான் இருமல் என்பது போர்டெட்டெல்லா பெர்டூசிசு என்னும் பாக்டீரியாவால் மூச்சுவழியில் ஏற்படும் ஒரு தொற்றுநோய் ஆகும். இலங்கையில் இது குக்கல் எனவும் அழைக்கப்படுகின்றது. எந்த வயதினருக்கும் இந்நோய் வரலாம் எனினும், இதனால் ஏற்படும் இறப்புகளில் பெரும்பாலானவை பிறந்து மூன்று மாதங்கள் நிறைவடையாத குழந்தைகளிடையே நிகழ்கின்றன. இவ்வயதில் குழந்தையின் சொந்தத் தடுப்பூசிகள் இன்னும் முழுப் பயன் தருவதில்லை. ஆகவே கருவுற்ற காலத்தில் தாய்க்குத் தடுப்பூசி இடுவதும், குழந்தையுடன் நெருங்கிப் பழகும் பெரியவர்களுக்கு ஊக்குவிப்புத் தடுப்பூசி இடுவதும் பல நாடுகளில் பரிந்துரைக்கப்படுகின்றன.

நோய்க் காரணி

இந்நோயை உண்டாக்கும் பாக்டீரியாவை 1906 ஆம் ஆண்டில் பெல்சிய நாட்டு அறிவியலாளர்களான சூல் போர்டே, ஆக்டேவ் ஜென்கு ஆகியோர் பிரித்தெடுத்தனர். நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் வெளிப்படும் நீர்த்துளிகள் வழியாக இது பரவுகின்றது.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் உள்ளன. இவை ஓயாது அசைந்து சளியை மேல்நோக்கித் தள்ளுகின்றன. இப்பாக்டீரியா அம்மயிரிழைகளில் ஒட்டிக்கொண்டு, அவற்றைத் தாங்கும் உயிரணுக்களை நச்சுப்பொருளால் அழிக்கின்றது. மயிரிழைகள் செயலிழந்தபின் சளியை வெளியேற்ற இருமல் ஒன்றே வழியாகின்றது. அழிந்த உட்சுவர் மீண்டும் வளர்வதற்குப் பல வாரங்கள் ஆகும். பாக்டீரியா மறைந்த பின்னரும் இருமல் நீடிப்பதற்கு இது ஒரு காரணம் ஆகும்.

இப்பாக்டீரியா சுரக்கும் பெர்டூசிசு நச்சு என்னும் மற்றொரு பொருள் குருதியிலும் கலக்கின்றது. இது வெள்ளையணுக்களைக் குருதியிலிருந்து வெளியேறவிடாமல் தடுக்கின்றது. எனவே குருதியில் அவற்றின் எண்ணிக்கை மிகுந்து காணப்படும்.

இருமலின் இயல்பு

தொற்று ஏற்பட்டு ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களில் அறிகுறிகள் தோன்றுகின்றன. முதல் ஓரிரு வாரங்களில் மூக்கு ஒழுகுதல், தும்மல், இலேசான இருமல் ஆகியவை மட்டுமே இருக்கும். காய்ச்சல் இராது, அல்லது குறைவாக இருக்கும். சாதாரணத் தடுமனிலிருந்து இதனை வேறுபடுத்துவது கடினம். ஆனால் நோய் மிகுதியாகப் பரவுவது இக்கட்டத்திலும் இருமல் கடுமையாகும் தொடக்க நாட்களிலும்தான்.

அடுத்த கட்டத்தில் இருமல் தொடர் தொடராக வருகின்றது. இடையில் மூச்சை உள்ளிழுக்க இடமின்றிப் பல இருமல்கள் அடுத்தடுத்து வெளிப்பட்டு, நுரையீரலில் உள்ள காற்று ஏறத்தாழத் தீர்ந்துவிடும். முகம் சிவந்து, பின்னர் நீலம் பாரிக்கலாம். தொடர் முடிந்ததும் நோயாளி குறுகிய குரல்வளை வழியே காற்றை வேகமாக உள்ளிழுக்கும்போது 'ஊப்' என்ற நீண்ட கூவல் ஒலி எழும். அதன்பின் வாந்தி ஏற்படுவது வழக்கம். இரவில் இத்தாக்கங்கள் அதிகரிக்கும். இரு தாக்கங்களுக்கு இடையே குழந்தை நலமாக இருப்பதுபோல் தோன்றலாம். இக்கட்டம் 1 முதல் 6 வாரங்கள் வரையும், சிலரிடம் அதற்கு மேலும் நீடிக்கும். இருமல் படிப்படியாகக் குறைவதற்கு மேலும் சில வாரங்கள் தேவைப்படும்.

கைக்குழந்தைகளில் வேறுபாடு

மேற்கூறிய கூவல் ஒலி சில மாதங்களே ஆன குழந்தைகளிடம் பெரும்பாலும் கேட்பதில்லை. அவ்வளவு வேகமாகக் காற்றை உள்ளிழுக்கும் வலு அவற்றின் மார்புத் தசைகளுக்கு இல்லை. இருமல்கூடக் குறைவாக இருக்கலாம். அதற்கு மாறாகக் குழந்தை திடீரென மூச்சுவிடுவதைச் சில நொடிகள் நிறுத்திவிடும். உதடும் நாக்கும் நீலமாகும், உடல் தளர்ந்துவிடும். பால் குடிக்க இயலாமல் திக்குமுக்காடுவதும் பொதுவாகக் காணப்படும். மூச்சு நின்றுபோதல், உடல் நீலமாதல், பால் குடிக்காமை ஆகியவற்றில் எது காணப்பட்டாலும் குழந்தையை உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கூவல் ஒலி இல்லை என்பதால் இது கக்குவான் இருமல் அன்று என முடிவு செய்யலாகாது.

கடுமையான நோயில் நுரையீரல் அழற்சி, வலிப்பு, மூளைப் பாதிப்பு ஆகியன ஏற்படலாம். சில குழந்தைகளில் வெள்ளையணு எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் 1,00,000 ஐயும் கடந்துவிடுகின்றது. இவ்வணுக்கள் நுரையீரலின் நுண்குழாய்களில் அடைத்துக்கொள்வதால் அங்குக் குருதியழுத்தம் உயர்ந்து இதயம் செயலிழக்கின்றது என்று கருதப்படுகின்றது. இந்நிலையை அடைந்த குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் காப்பாற்றுவது அரிது.

கண்டறிதலும் மருத்துவமும்

மூக்கின் பின்புறத்திலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, பிசிஆர் முறையில் பாக்டீரியாவின் மரபுப்பொருளைத் தேடுவது வழக்கமான சோதனை ஆகும். இருமல் தொடங்கிய முதல் மூன்று வாரங்களில் இச்சோதனை நன்கு பயன்படும்.

அசித்ரோமைசின் முதலிய நுண்ணுயிர்க்கொல்லிகள் இதற்குத் தரப்படுகின்றன. முதற்கட்டத்தில் தொடங்கினால் இவை நோயின் கடுமையைக் குறைக்கக்கூடும். தொடர் இருமல் வந்தபின் தொடங்கினால் பிறருக்குப் பரவுவதைத் தடுக்கின்றனவே அன்றி, இருமலைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைப்பதில்லை. நச்சு ஏற்கெனவே தன் வேலையைச் செய்துவிட்டிருப்பதே இதற்குக் காரணம். எனவே கைக்குழந்தைகளைப் பொருத்தவரை மருத்துவத்தைவிடத் தடுப்பே பயன் மிக்கது.

பாதுகாப்பில் உள்ள இடைவெளி

இந்தியாவின் தேசிய அட்டவணைப்படி, கக்குவான் இருமலுக்கு எதிரான மருந்து அடங்கிய ஐந்நோய்த் தடுப்பூசி குழந்தையின் 6, 10, 14 ஆம் வாரங்களில் இடப்படுகின்றது. இலங்கையில் இது 2, 4, 6 ஆம் மாதங்களிலும், பிரித்தானியாவில் இதனை ஒத்த தடுப்பூசி 8, 12, 16 ஆம் வாரங்களிலும் இடப்படுகின்றது. முதல் ஊசி ஓரளவு பாதுகாப்பு மட்டுமே தரும்.

இவ்விடைவெளியின் பொருளைப் பின்வரும் எடுத்துக்காட்டால் அறியலாம். இந்தியாவில் பிறந்த ஒரு குழந்தையின் தாய் கருவுற்ற காலத்தில் இத்தடுப்பூசியைப் பெறவில்லை எனக் கொள்வோம். பிறந்த 10 ஆம் நாளில், நீண்ட நாட்களாக இருமிக்கொண்டிருக்கும் தாத்தா குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிறார். தொற்று ஏற்பட்டால் 17 முதல் 20 ஆம் நாளுக்குள் குழந்தைக்கு மூக்கு ஒழுகத் தொடங்கும். கைக்குழந்தைகளில் முதற்கட்டம் குறுகியது என்பதால், நான்காம் வாரத்திலேயே மூச்சு நின்றுபோதல் தோன்றலாம். முதல் ஊசிக்கு உரிய நாளோ 42 ஆம் நாள் ஆகும். அதாவது, அட்டவணையை ஒருநாளும் தவறாத பெற்றோரின் குழந்தையும் ஊசி பெறுவதற்கு முன்னரே கடும் நோயாளி ஆகிவிடக்கூடும்.

கருவுற்ற காலத்தில் தடுப்பூசி

தாயின் குருதியில் உள்ள பிறபொருளெதிரிகள் நஞ்சுக்கொடி வழியாகக் கருவைச் சென்றடைகின்றன. இக்கடத்தல் கருக்காலத்தின் நடுப்பகுதியில் தொடங்கி இறுதி மாதங்களில் மிகுதியாக நடைபெறுகின்றது. தடுப்பூசி பெற்ற ஏறத்தாழ இரண்டு வாரங்களில் தாயின் பிறபொருளெதிரி அளவு உச்சத்தை எட்டுகின்றது. ஆகவே ஐக்கிய அமெரிக்காவில் 27 முதல் 36 வாரங்களுக்குள் இதனை இடப் பரிந்துரைக்கின்றனர். பிரித்தானியாவில் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளும் பயன் பெறும்பொருட்டு 2016 முதல் 16 ஆம் வாரத்திலிருந்தே இடப்படுகின்றது.

குழந்தைக்குக் கிடைத்த பிறபொருளெதிரிகள் நிலைத்து நிற்பதில்லை. அவற்றின் அளவு ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்கு ஒருமுறை பாதியாகின்றது. பிறக்கும்போது 80 அலகு இருந்தால், 5 ஆம் வாரத்தில் 40, 10 ஆம் வாரத்தில் 20, 15 ஆம் வாரத்தில் 10 என அது குறையும். இதே காலத்தில் குழந்தையின் சொந்த ஊசிகள் மூன்றும் முடிந்துவிடுகின்றன. தாயின் பாதுகாப்பு தேயத் தேயக் குழந்தையின் பாதுகாப்பு வளர்கின்றது. ஆகையால் தாய்க்கு இடும் ஊசி குழந்தைக்கு இடும் ஊசிக்கு மாற்று ஆகாது. தாயின் உடலிலும் இப்பிறபொருளெதிரிகள் ஓராண்டுக்குள் வெகுவாகக் குறைந்துவிடுவதால், ஒவ்வொரு கருவுறுதலின்போதும் ஊசி மீண்டும் தேவைப்படுகின்றது.

இத்தடுப்பூசியில் உயிருள்ள பாக்டீரியா இல்லை. தூய்மையாக்கப்பட்ட சில புரதங்கள் மட்டுமே உள்ளன. எனவே இதனால் தாய்க்கோ கருவுக்கோ கக்குவான் இருமல் உண்டாவதில்லை. ஊசி இட்ட இடத்தில் வலி, வீக்கம் ஆகியவை ஓரிரு நாட்கள் இருக்கலாம்.

இந்தியாவில் கருவுற்ற பெண்களுக்கு அரசுத் திட்டத்தில் இடப்படும் ஊசி டெட்டனசு, தொண்டை அடைப்பான் ஆகிய இரு நோய்களுக்கு மட்டுமே உரியது. கக்குவான் இருமலையும் உள்ளடக்கிய டிடாப் என்னும் தடுப்பூசி இதனின்று வேறானது. தனியார் மருத்துவமனைகளில் இது கிடைக்கின்றது. முன்னதைப் பெற்றவர் கக்குவான் இருமலுக்கும் ஊசி பெற்றுவிட்டதாக எண்ணுவது தவறு.

இங்கிலாந்தின் பட்டறிவு

2012 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 9,300 க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் ஆய்வகத்தில் உறுதி செய்யப்பட்டது. அவ்வாண்டில் 14 கைக்குழந்தைகள் இறந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் கருவுற்ற பெண்களுக்கான தடுப்பூசித் திட்டம் தொடங்கப்பட்டது. 2014 இல் வெளியான ஆய்வின்படி, மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைகளில் நோயைத் தடுப்பதில் இத்தடுப்பூசியின் பயன் ஏறத்தாழ 90 விழுக்காடாக இருந்தது.

பின்னாளில் ஊசி பெறுவோரின் பங்கு குறைந்தது. 2017 அளவில் 70 விழுக்காட்டைத் தாண்டியிருந்த இது, 2024 இன் தொடக்கத்தில் 60 விழுக்காட்டிற்கும் கீழே சென்றது. 2024 இல் மீண்டும் பெரும்பரவல் ஏற்பட்டு 14,800 க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், 11 கைக்குழந்தைகள் இறந்தனர். திட்டம் தொடங்கிய பின்னர் இந்நோயால் இறந்த குழந்தைகளுள் பெரும்பாலானோரின் தாய்மார் ஊசி பெறாதவர்கள் ஆவர்.

பெரியவர்களுக்கான ஊக்குவிப்புத் தடுப்பூசி

இளமையில் பெற்ற தடுப்பூசியின் பயனும், நோயுற்றதால் பெற்ற எதிர்ப்பும் வாழ்நாள் முழுதும் நிற்பதில்லை. ஆகவே பெரியவர்களுக்கு மீண்டும் தொற்று ஏற்படலாம். அவர்களிடம் இது பல வாரங்கள் நீடிக்கும் இருமலாக மட்டுமே தோன்றுவதால், கக்குவான் இருமல் என்ற ஐயமே எழுவதில்லை. குழந்தைக்குத் தொற்று வருவது பெரும்பாலும் தாய், தந்தை, உடன்பிறந்தோர் முதலிய வீட்டாரிடமிருந்தே ஆகும்.

குழந்தையைச் சூழ்ந்துள்ள அனைவருக்கும் ஊசி இட்டு, பட்டுப்புழுவைக் கூடு காப்பதுபோல் அதனைக் காப்பது ஒரு முறையாகும். ஐக்கிய அமெரிக்காவில் 2006 இல் இது பரிந்துரைக்கப்பட்டது. குழந்தையைத் தொடுவதற்குக் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன் ஊசியைப் பெறுதல் வேண்டும். ஆனால் இம்முறை தனித்து நின்று போதிய பயன் தரவில்லை. வீட்டார் அனைவரையும் உரிய காலத்தில் ஊசி பெறச் செய்வது கடினமாக இருந்தது. மேலும், இவ்வகை ஊசி பெற்ற பபூன் குரங்குகள் நோயுறாவிடினும், பாக்டீரியாவைத் தொண்டையில் சுமந்து பிற குரங்குகளுக்குப் பரப்பியதை ஓர் ஆய்வு காட்டியது. அதாவது பெரியவரின் ஊசி அவர் நோயுறும் வாய்ப்பைக் குறைக்கின்றது. அவரிடமிருந்து தொற்று பரவாது என்பதற்கு அது உறுதி அளிப்பதில்லை.

தாய்க்கு இடும் ஊசியின் சிறப்பு இங்குத்தான் உள்ளது. அது தாய் நோயுற்றுக் குழந்தைக்குப் பரப்புவதைக் குறைப்பதோடு, குழந்தையின் குருதியிலேயே பிறபொருளெதிரிகளை வைத்துவிடுகின்றது. தொற்று யாரிடமிருந்து வந்தாலும் அப்பாதுகாப்பு செயல்படும். வீட்டாரின் ஊசி அதற்குத் துணை நிற்கின்றது. ஊசி பெற்றவராயினும், இருமல் உள்ளவர் கைக்குழந்தையை நெருங்காதிருத்தல் வேண்டும்.