கூடும், கூடாது: எதிர்மறையில் மாறும் சாத்தியத்தின் சுவை

கூடும் என்னும் துணைவினைக்குக் கூடாது என்பது நேரான எதிர்மறையே என்றும், அவ்விரண்டின் பொருள்களுக்கிடையே தோன்றும் தூரம் பேசுகின்ற சந்தர்ப்பத்தால் விளைவதேயன்றிச் சொல்லால் விளைவதன்று என்றும் ஒருசாரார் கொண்டுள்ளனர். ஒரு துணைவினையின் ஆற்றல், அதாவது சில உலகங்களைச் சொல்லுகிறதா எல்லா உலகங்களையும் சொல்லுகிறதா என்பது, சொல்லிலேயே அமைந்தது. அவ்வுலகங்கள் அறிவுக்கு ஒத்தவையா, விதிக்கு ஒத்தவையா, விருப்பத்துக்கு ஒத்தவையா என்னும் சுவையோ சந்தர்ப்பம் தருவது என 1977-இல் கிராட்சர் வகுத்த பாகுபாடே அவர்களுக்கு ஆதாரம். அப்பாகுபாட்டை நான் மறுக்கவில்லை. கூடாது என்னும் சொல்லுக்கு அது முழுதும் பொருந்துகிறது என்பதையே மறுக்கிறேன்.

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அத்தகைய நாளொன்றில், ‘புயல் புதுவை அருகே கரையைக் கடக்கக் கூடும்’ என்று ஒருவர் சொன்னால், காற்றின் திசை, கடலின் வெப்பம் முதலியவை குறித்து அவர் அறிந்தவற்றோடு முரணாத உலகங்களுள் ஒன்றிலேனும் புயல் இங்கே கரையேறுகிறது என்பது அதன் பொருள். இதை அப்படியே மறுத்தால், அவ்வுலகங்களுள் ஒன்றிலும் கரையேறவில்லை என்ற பொருள், ஆறுதல் தருவதோர் முன்னறிவிப்பு, கிடைக்க வேண்டும். ஆனால் ‘புயல் புதுவை அருகே கரையைக் கடக்கக் கூடாது’ என்று வைத்திக்குப்பத்து மீனவர் ஒருவர் சொல்லக் கேட்பவர், அதை முன்னறிவிப்பு என்று கொள்ளார். பிரார்த்தனை என்றே கொள்வார். வானிலை வரைபடத்தைக் கையில் வைத்திருக்கும் நிபுணரே அதைச் சொன்னாலும், அவரும் நம்மைப் போல அஞ்சுகிறார் என்று எண்ணுவோமேயன்றி, புயல் வாராது என்று கணித்துவிட்டார் என்று எண்ணமாட்டோம். சில என்பது எதுவுமில்லை என்றாகும் ஆற்றல் கணக்கு சரியாகவே நிற்கிறது; மாறியது எண்ணப்படும் உலகங்களின் தொகுதி. சந்தர்ப்பத்தை எவ்வளவு வளைத்தாலும் பழைய தொகுதி திரும்பி வருவதில்லை என்பதே இங்கு கருதத்தக்கது.

இறந்தகாலத்தில் இவ்வேறுபாடு இன்னும் துலக்கமாகிறது. ‘அவர் வந்திருக்கக் கூடும்’ என்பது அனுமானம்; ‘அவர் வந்திருக்கக் கூடாது’ என்பதோ அவர் வந்துவிட்டார் என்பதை ஒப்புக்கொண்டு அவ்வருகையைக் குறை கூறுவது.

இது கூடு என்னும் ஒரு வேரின் தனி வரலாறாக இருக்கலாமோ என்னும் ஐயம் நியாயமானதே. ஆயின் ஆகு என்னும் வேறொரு வேரிலிருந்து பிறந்த ‘சொல்லலாம்’ என்பதை நோக்குக. அது அனுமதியும் ஆகும், ‘நாளை அவன் உண்மையைச் சொல்லலாம்’ என்னும்போது அனுமானமும் ஆகும். அதன் எதிர்மறையான ‘சொல்லலாகாது’ என்பதோ தடையாக மட்டுமே நிற்கிறது. வேர் இரண்டு, விளைவு ஒன்று. ‘என்னால் கூடாது’ என்னும் வழக்கு தடையன்று, இயலாமை என்பர், உண்மையே. அது என் கூற்றைத் திருத்துகிறதேயன்றித் தகர்க்கவில்லை. எதிர்மறை விகுதியின் கீழ் விதியும் விருப்பமும் திறமும் தங்குகின்றன. பேசுவோனது அறிவின் சுவை ஒன்றே விலகுகிறது.

காரணம் இதுவாகலாம். அறிவின் சுவை வாக்கியத்தில் நிஷேதத்துக்கு வெளியே நிற்கிறது. ஆகவே, புயல் வாராமைக்கும் இடமுண்டு என்று சொல்ல விரும்புபவர் மறுப்பை முதல்வினையின்மேல் ஏற்றி, ‘கடக்காமல் இருக்கக் கூடும்’ என்கிறார். துணைவினையின்மேலேயே மறுப்பு ஏறும்போது, அதற்குள் அடங்கும் சுவைகளே எஞ்சுகின்றன. ‘அவன் திருடியிருக்க முடியாது’ என்பதைச் சிலர் எதிர்ச்சான்றாகக் காட்டுவர். அவன் அன்று ஊரிலேயே இல்லை என்பது போன்ற புறநிலைகள் அச்செயலுக்கு இடந்தரவில்லை என்பதே அதன் பொருளாதலின், அது முடியும் என்பதன் திறப்பொருளின் நீட்சியேயாகும், நீண்ட விவாதத்துக்குரியதன்று. வட்டார வழக்குகள் அனைத்தையும் நான் சோதித்துவிட்டதாகவும் கூறமாட்டேன்.

எதிர்க்கருத்து தோன்றிய வழியைப் புதுவையிலிருந்து நோக்குவோர் எளிதில் ஊகிக்கலாம். பிரெஞ்சு மொழியின் பூவ்வார் என்னும் துணைவினை மறுப்பின் கீழும் அனுமானச் சுவையைத் தாங்குகிறது. ‘அவர் அங்கே இருப்பதற்கில்லை’ என்று ஊகித்துச் சொல்ல அதன் எதிர்மறையே போதும். இவ்வூர் மிஷன் அச்சகத்தில் 1855 முதல் 1862 வரை தமிழ்-பிரெஞ்சு அகராதி அச்சேறிய காலத்துக்கு முன்பிருந்தே இரு மொழிகளும் அருகருகே வைத்து ஒப்பிடப்பட்டு வருகின்றன. அவ்வொப்பீட்டில் கூடும் என்பதற்கு நேராகப் பூவ்வாரை வைத்தவர், அதன் எதிர்மறைக்கு நேராகக் கூடாது என்பதையும் வைக்கத் துணிவது இயல்பு. அத்துணிவுதான் பிழை.

ஆகவே, கூடாது என்பதைக் கூடும் என்பதன் கீழ் எதிர்மறை வடிவமாகக் காட்டி அமையாமல், தனிப் பதிவாக நிறுத்தி அதன் சுவைகளை வரையறுத்தல் அகராதி செய்வோர் கடன்.